செப்டம்பரில் ஆர்ட்டிகிள்ஷிப்பை மாற்றலாமா? நான்கு வழிகள், ஒரு நாள்கணக்கு

டாக்ஸ் ஆடிட் சீசனில், சிஏ படிப்புக்காக ஆடிட் ஆபீஸில் பயிற்சி எடுக்கும் ஆர்ட்டிகிள்ஸ் பையன்களும் பெண்களும் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இந்த ஆபீஸிலேயே இருக்கவா, வேறு ஆபீஸுக்கு மாறவா?" கேட்பவர் இரவு பத்தரை மணிக்கு மின்சார ரயிலுக்குக் காத்துக்கொண்டு நின்றபடி கேட்பார். மதியம், பயிற்சி தரும் சிஏவான பிரின்சிபாலிடம் திட்டு வாங்கியிருப்பார். மாதம் பிறந்து பத்து நாளாகியும் ஸ்டைபெண்ட் வந்திருக்காது. அந்த நேரத்தில் எந்த வேறு ஆபீஸும் நல்ல ஆபீஸாகத்தான் தெரியும்.

அதனால் வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு சிஏ ஒரு வருடத்தில் 60 டாக்ஸ் ஆடிட் வரை செய்யலாம் என்பது சிஏக்களின் அமைப்பான ஐசிஏஐ வைத்திருக்கும் வரம்பு. இரண்டு பார்ட்னர் உள்ள ஆபீஸ் என்றால் 120. அங்கே ஐந்து ஆர்ட்டிகிள்ஸ் இருந்தால் ஆளுக்கு 24 ஃபைல். கடைக்காரர்களும் மில்காரர்களும் கணக்கை ஏப்ரலில் கொடுப்பதில்லை. ஜூலையில் தனிநபர் ரிட்டர்ன் வேலை முடிந்து, ஆகஸ்ட் பதினைந்து தாண்டித்தான் டேலி பேக்கப்பை அனுப்ப ஆரம்பிப்பார்கள். செப்டம்பர் 30 கடைசி நாள். 45 நாளில் 24 ஃபைல் என்றால் ஒரு ஃபைலுக்கு இரண்டு நாள்கூட இல்லை. நடுவில் டிடிஎஸ், ஜிஎஸ்டி மாதாந்திர வேலைகளும் நிற்காது. பிரின்சிபால் நல்லவரா கடுகடுப்பானவரா என்பது இந்தக் கணக்கை மாற்றாது. நேரம் அவர் குணத்தால் மட்டும் நீள்வதில்லை, ஆபீஸின் வேலை வகையாலும் நீள்கிறது. வேறொரு டாக்ஸ் ஆடிட் ஆபீஸுக்கு மாறினால் அடுத்த செப்டம்பரும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

கடைசி நாளைத் தள்ளி வைத்தால் நிம்மதி என்று நினைப்பவர்களும் உண்டு. 2025-ல் செப்டம்பர் 30 என்பது முதலில் அக்டோபர் 31 ஆனது, பிறகு நவம்பர் 10 ஆனது. அறிவிப்பு வந்தது செப்டம்பர் கடைசி வாரத்தில். அதற்குள் பாதிப் பேர் தூக்கத்தை விட்டு முக்கால்வாசி ஃபைலை முடித்திருந்தார்கள். மீதி கிளையன்ட்டுகள் "அதான் டைம் இருக்கே" என்று கணக்கைக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். தீபாவளி நடுவில் வந்தது. ஒரு மாத நெருக்கடி இரண்டு மாத நெருக்கடியாக நீண்டது, அவ்வளவுதான்.

சரி, கையில் இருக்கும் வழிகள் என்ன? பேசாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது ஒன்று. இருந்துகொண்டே வேலையின் வகையையும் பணத்தையும் பேசி மாற்றிக்கொள்வது இரண்டு. வேறு ஆபீஸுக்கு டிரான்ஸ்ஃபர் மூன்று. கடைசி வருடத்தில் ஒரு கம்பெனிக்கு இண்டஸ்ட்ரியல் டிரெயினிங் போவது நான்கு. ஐந்தாவதாக ஒன்றைச் சிலர் காதோடு சொல்வார்கள்: பெயரை மட்டும் ஓர் ஆபீஸில் பதிந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து படிப்பது, அதாவது டம்மி. அதை நான் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. வேலை செய்யாத காலத்துக்குச் சான்று வாங்குவது பொய்ச் சான்று. ஐசிஏஐ கண்டுபிடித்தால் அந்தக் காலமே செல்லாமல் போகும். கையெழுத்திடக் கற்றுக்கொள்ளப் போகிறவர் அங்கிருந்து தொடங்கக் கூடாது.

இனி ஒருவருடைய கணக்கை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன். ஊர் கும்பகோணம் பக்கம், அப்பா தையல் கடை வைத்திருக்கிறார். சென்னையில் ஒரு நடுத்தர ஆபீஸில் 2025 பிப்ரவரி 10-ஆம் தேதி சேர்ந்தார். புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் இரண்டு வருடம், ஆகவே 2027 பிப்ரவரி 9-ஆம் தேதி முடியும். ஸ்டைபெண்ட் 6,000 ரூபாய். பெரிய நகரங்களுக்கு ஐசிஏஐ அப்போது வைத்திருந்த குறைந்தபட்சத் தொகை முதல் வருடம் 4,000, அடுத்த வருடம் 5,000 என்பதால் விதிப்படி பார்த்தால் குறைவில்லை. ஆனால் சைதாப்பேட்டையில் மூன்று பேரோடு பங்கு போட்ட அறைக்கு 4,500, சாப்பாட்டுக்கு 4,500, போக்குவரத்தும் போனும் இன்னபிறவும் 2,000. மாதம் 11,000 ஆகிறது. அப்பா 5,000 அனுப்புகிறார்.

செப்டம்பரில் காலை பத்து முதல் இரவு பத்து வரை, ஆறு நாள். ஞாயிறு அரை நாள். வாரத்துக்கு எழுபது மணிக்கு மேல். ஐசிஏஐ சொல்லும் பயிற்சி நேரம் வாரம் 35 மணி. பிரின்சிபால் ஒரு ஃபைலை மூன்று முறை திருப்பி அனுப்புவார், எல்லோர் முன்னாலும் சத்தம் போடுவார். இந்த நேரத்தில் இன்னொரு ஆபீஸில் இருந்து 12,000 தருகிறோம் என்று அழைப்பு வருகிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் பேச்சே இல்லை. மாதம் 6,000 கூடுதல், இன்னும் 17 மாதம், மொத்தம் 1,02,000 ரூபாய். அதற்கு மேல், ஆர்ட்டிகிள்ஷிப் முடிந்த பின் ஃபைனல் எழுதுவதற்கு முன் ஆறு மாதம் படிப்புக் காலம் உண்டு. அந்த ஆறு மாதத்தில் ஸ்டைபெண்ட் கிடையாது. சென்னையிலேயே தங்கிப் படித்தால் 66,000 ரூபாய் எங்கிருந்தாவது வர வேண்டும். அந்த ஒரு லட்சம் அதை அடைத்துவிடும். பணத்தைப் பற்றிப் பேசுவதே தவறு, கற்றுக்கொள்வதுதான் முக்கியம் என்று பெரியவர்கள் சொல்வது எனக்கு ஒப்புதலில்லை. தையல் கடையில் இருந்து வரும் 5,000 ரூபாய்க்கு ஒரு கனம் இருக்கிறது.

ஆனால் யாரும் போடாத இன்னொரு கணக்கு இருக்கிறது. அது நாள்கணக்கு. ஃபைனல் தேர்வு இப்போது ஜனவரி, மே, செப்டம்பர் என்று வருடத்துக்கு மூன்று முறை நடக்கிறது. தேர்வு மாதத்தின் முதல் நாளுக்கு முன் ஆர்ட்டிகிள்ஷிப் முடிந்து ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். தம்பிக்கு 2027 பிப்ரவரி 9-ல் முடிந்தால் ஆகஸ்ட் 9-ல் ஆறு மாதம் ஆகிறது, செப்டம்பர் 2027 தேர்வு எழுதலாம். முடிவது பிப்ரவரி 28-ஐத் தாண்டி மார்ச்சுக்குள் போய்விட்டால் செப்டம்பர் போச்சு, ஜனவரி 2028 தான். ஆக அவரிடம் உபரியாக இருப்பது 19 நாள்.

டிரான்ஸ்ஃபரில் பழைய ஆபீஸை விட்ட நாளுக்கும் புதிய ஆபீஸில் பதிவான நாளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி எதிலும் கணக்காகாது. அது அப்படியே கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும். இடைவெளி மூன்று வாரம் ஆனால் 19 நாள் தீர்ந்து ஒரு தேர்வு தள்ளிப்போகும். தள்ளுவது நான்கு மாதம். தேறி வேலைக்குப் போனால் மாதம் 60,000 சம்பளம் என்று வைத்துக்கொண்டால்கூட அந்த நான்கு மாதம் 2,40,000 ரூபாய். 1,02,000 கூடுதல் ஸ்டைபெண்டுக்காக மாறி, மூன்று வார இடைவெளியில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் விட்டுவிட முடியும்.

எடுத்த லீவும் இதே கணக்கில்தான் வரும். புதிய திட்டத்தில் இரண்டு வருடத்துக்கு 24 நாள் லீவு. அதற்கு மேல் எடுத்த ஒவ்வொரு நாளையும் கூடுதலாக வேலை செய்து ஈடுகட்ட வேண்டும். தம்பி அதுவரை எடுத்தது ஆறு நாள் என்பதால் அங்கே பிரச்சினை இல்லை. செமஸ்டருக்கும் தங்கை கல்யாணத்துக்கும் என்று லீவைத் தீர்த்துவிட்டவர்களுக்கு இந்த உபரி இன்னும் சுருங்கியிருக்கும். உங்கள் முடிவுத் தேதியை எடுத்து, அது விழும் மாதத்தின் கடைசி நாள் வரை எண்ணிப் பாருங்கள். ஆனால் எல்லா மாதமும் முக்கியமில்லை. பிப்ரவரி, ஜூன், அக்டோபர் கடைசி நாள்கள்தான் முறையே செப்டம்பர், ஜனவரி, மே தேர்வுகளுக்கான எல்லை. ஜூலையில் முடிகிறவருக்கு அக்டோபர் கடைசி வரை இடம் இருக்கிறது. அவர் ஒரு மாத இடைவெளியைக்கூடத் தாங்குவார். ஒரே கேள்விக்கு இரண்டு பேருக்கு இரண்டு பதில் வருவது இதனால்தான்.

இடைவெளி ஏன் நீள்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பழைய ஆபீஸ் விலகலுக்குப் படிவம் 109. அது ஐசிஏஐ போர்ட்டலில் பிரின்சிபாலின் ஒப்புதலோடு முடிய வேண்டும். அதன் பிறகுதான் புதிய ஆபீஸுக்கான படிவம் 102, 103 வேலை நடக்கும். சேர்ந்த 30 நாளுக்குள் 103-ஐப் போட்டுவிட வேண்டும். செப்டம்பர் 12-ஆம் தேதி போய் "சார், நான் ரிலீவ் ஆகணும்" என்றால் என்ன நடக்கும்? உங்கள் கையில் 24 ஃபைல் இருக்கும்போது பிரின்சிபால் மறுக்க மாட்டார், "முடிச்சிட்டுப் போப்பா" என்பார். ஒப்புதல் பொத்தான் மட்டும் அழுத்தப்படாமல் கிடக்கும். பலர் செய்யும் தவறு, வாய்வார்த்தையை நம்பிப் புதிய ஆபீஸில் போய் உட்கார்ந்துவிடுவது. அங்கே உழைக்கும் அந்த நாள்கள் பதிவில் இருக்காது. நவம்பர் பதினைந்தில் போய்க் கேட்டால் அதே மனிதர் அன்றைக்கே ஒப்புதல் கொடுப்பார்.

அதற்காக வருடக் கணக்கில் தள்ளவும் முடியாது. முதல் வருடத்துக்குள் மாறுவதும் அதற்குப் பிறகு மாறுவதும் ஒன்றல்ல. முதல் வருடம் தாண்டினால் உடல்நிலை, குடும்பம் வேறு ஊருக்கு இடம்பெயர்வது போன்ற குறிப்பிட்ட காரணங்களைச் சான்றோடு காட்ட வேண்டியிருக்கும். தம்பிக்கு முதல் வருடம் பிப்ரவரி 2026-ல் முடிகிறது. சீசன் முடியும் நவம்பருக்கும் அதற்கும் நடுவில் மூன்று மாதம் இருக்கிறது. முடிவெடுக்க வேண்டிய காலம் அதுதான்.

பணமும் நாளும் இப்படி. இனி வேலையின் வகை. நீளமான நேரம் எல்லாம் ஒரே நேரம் அல்ல. இதை டாக்ஸ் ஆடிட் அறிக்கையான 3சிடி படிவத்தின் இரண்டு கிளாஸை, அதாவது இரண்டு பத்தியைக் கொண்டே காட்டலாம்.

கிளாஸ் 44 என்று ஒன்று இருக்கிறது. வருடத்தின் மொத்தச் செலவையும் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களிடம் செய்தது, இல்லாதவர்களிடம் செய்தது என்று பிரித்துக் காட்ட வேண்டும். டேலியில் இருந்து லெட்ஜரை எக்ஸெலுக்கு எடுத்து, ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று வரி வரியாகப் பார்த்து நிறம் தீட்டுகிற வேலை. முதல் இரண்டு ஃபைலில் ஏதோ கற்றுக்கொள்வீர்கள். இருபதாவது ஃபைலில் கண் வலிதான் மிச்சம்.

கிளாஸ் 20(பி) வேறு மாதிரி. ஊழியர் சம்பளத்தில் பிடித்த பிஎஃப், இஎஸ்ஐ பங்கை முதலாளி எப்போது கட்ட வேண்டும், எப்போது கட்டினார் என்ற பட்டியல். கெடு அடுத்த மாதம் 15-ஆம் தேதி. பார்ப்பதற்கு இதுவும் தேதி நிரப்பும் வேலைதான். தம்பி முதல் ஃபைலில் லெட்ஜரில் இருந்த தேதிகளை அப்படியே நிரப்பிக் கொடுத்தார். எல்லாம் 14, 15 என்று அழகாக இருந்தது. பிரின்சிபால் ஃபைலைத் திருப்பி வீசி, "சலானைப் பார்த்தியா?" என்று கேட்டார். சலானை எடுத்துப் பார்த்தால் ஒரு மாதம் லெட்ஜரில் 15 என்று இருப்பது உண்மையில் 17-ஆம் தேதி கட்டப்பட்டது. கணக்கர் கெடு நாளிலேயே என்ட்ரி போட்டுவிட்டு, பணம் இரண்டு நாள் கழித்துக் கட்டியிருக்கிறார். அந்த மாதத்து ஊழியர் பங்கு 31,000 ரூபாய். கெடு தாண்டிக் கட்டிய ஊழியர் பங்கைச் செலவாகக் கழிக்கவே முடியாது என்று 2022-ல் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்போதைய விதியில் முதலாளியின் சொந்தப் பங்கு அப்படியல்ல, அதை ரிட்டர்ன் போடும் கெடுவுக்குள் கட்டினால் போதுமாக இருந்தது. இந்த வேறுபாடு, லெட்ஜரை நம்பாமல் சலானைப் பார்க்கும் பழக்கம், கிளையன்ட்டுக்கு போன் போட்டு அதைப் பக்குவமாகச் சொல்வது, இதெல்லாம் அந்த ஒரு ராத்திரியில் நடந்தது. வீசியது தவறுதான், கேட்ட கேள்வி சரியானது.

இதுதான் நான் எல்லோரையும் பார்க்கச் சொல்லும் இடம். ஃபைலைத் திருப்பி அனுப்பும்போது என்ன சொல்லித் திருப்புகிறார்கள்? "இந்த ரசீது எங்கே, இந்த எண் எப்படி வந்தது, முந்தைய வருடத்தோடு ஏன் ஒத்துப்போகவில்லை" என்று கேட்டால், குரல் எவ்வளவு கசப்பாக இருந்தாலும் அங்கே பயிற்சி நடக்கிறது. "ஏன் இன்னும் முடிக்கல, சீக்கிரம் அப்லோட் பண்ணு" என்பது மட்டும்தான் வருகிறது என்றால் பயிற்சி நடக்கவில்லை, டேட்டா என்ட்ரி நடக்கிறது. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. நீங்கள் முடித்த ஒரு ஃபைலை மூடி வைத்துவிட்டு, பணம் கட்டினால்தான் செலவாகக் கழிக்கலாம் என்கிற 43பி-யில் எது நின்றது, டிடிஎஸ் எங்கே பிடிக்காமல் விட்டார்கள், கடன் ரொக்கமாக வந்ததா என்று உங்களையே கேளுங்கள். திறக்காமல் பதில் வந்தால் அந்த ஃபைல் உங்களுடையது. பத்து ஃபைல் முடித்தும் ஒன்றுக்கும் பதில் வரவில்லை என்றால் ஆபீஸை மாற்ற அது நல்ல காரணம், ஸ்டைபெண்டைவிட நல்ல காரணம்.

தம்பியின் ஆபீஸில் இரண்டும் கலந்திருந்தது. திருப்பி அனுப்பும் கேள்விகள் நல்ல கேள்விகள். ஆனால் வேலையைக் கிளாஸ் வாரியாகப் பிரித்திருந்தார்கள். 24 ஃபைலுக்கும் கிளாஸ் 44 அவர் தலையில். ஒரு ஃபைலைக்கூட முதலில் இருந்து கடைசி வரை அவர் பார்த்ததில்லை.

இங்கேதான் இரண்டாவது வழி, பேசி மாற்றிக்கொள்வது, கைகொடுத்தது. பலர் பேச்சு என்றாலே புகார் என்று நினைக்கிறார்கள். "ரொம்ப நேரம் ஆகுது சார்" என்றால் பிரின்சிபால் தன் காலத்துக் கதையை ஆரம்பிப்பார். அவருக்கும் பயன் தரும் ஒன்றைக் கேட்க வேண்டும். நான் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: "சார், நாலு ஃபைல் முழுசா என்கிட்ட கொடுங்க. பேலன்ஸ் ஷீட்ல இருந்து 3சிடி வரைக்கும் நானே செஞ்சு, கிளையன்ட் கேள்வியையும் நானே முடிச்சு ரிவ்யூவுக்கு வைக்கிறேன். அதுக்குப் பதிலா மத்த ஃபைல்ல கிளாஸ் 44 வேற யாருக்காவது போகட்டும்." பிரின்சிபால்களுக்குத் தலைவலியே ஒரே ஃபைலில் ஐந்து பேர் கை பட்டு, யாரைக் கேட்டாலும் "அது நான் பார்க்கல சார்" என்று வருவதுதான். ஒரு ஃபைலுக்கு ஒரு ஆள் பொறுப்பு என்றால் அவருக்கும் நிம்மதி. இதைக் கேட்கும் நேரமும் முக்கியம். செப்டம்பர் முதல் வாரத்தில், காலையில், அவர் வந்து காபி குடித்து முடித்த பத்து நிமிடத்தில் கேட்கலாம். கடைசி பத்து நாளில் எதையும் கேட்கக் கூடாது. அவருக்குக் காதில் விழாது.

தம்பிக்கு மூன்று ஃபைல் கிடைத்தது. ஒரு அரிசி ஆலை, ஒரு ஹார்டுவேர் கடை, ஒரு சிறிய ஃபேப்ரிகேஷன் யூனிட். அரிசி ஆலையின் தவிட்டு விற்பனையை ஸ்டாக் கணக்கோடு ஒப்பிட்டதைப் பற்றி மூச்சு விடாமல் என்னிடம் சொன்னார். நேரம் குறையவில்லை, இரவு பத்து பத்தாகத்தான் இருந்தது. ஆனால் அவர் முகம் மாறியிருந்தது.

ஸ்டைபெண்ட் பேச்சைச் செப்டம்பரில் எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். சீசன் முடிந்து, ஃபீஸ் பில் போய், பணம் வர ஆரம்பிக்கும் நேரத்தில் கேட்க வேண்டும். அதற்கு முன் கேட்காமல் விட்டதைக் கேட்கலாம். வெளியூர் ஆடிட்டுக்குப் போன பஸ் செலவு, கிளையன்ட் இடத்தில் சாப்பிட்ட செலவு, இவற்றைப் பலர் கூச்சப்பட்டு எழுதுவதே இல்லை. அது ஸ்டைபெண்ட் இல்லை, உங்கள் கையில் இருந்து போன பணம். அதேபோல் ஞாயிறு வந்த நாள்களுக்கு ஈடாக நவம்பரில் லீவு உண்டா என்று முன்கூட்டியே கேட்டு, ஒரு மின்னஞ்சலில் "நீங்கள் சொன்னபடி" என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நாள் வாரியாக வந்த நேரம், போன நேரம் குறித்த ஒரு தாள் இருந்தால் அந்தப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடியும்.

இப்போது அந்த 12,000 ரூபாய் ஆபீஸ். அங்கிருக்கும் ஆர்ட்டிகிள்ஸ் ஒருவரிடம் பேசச் சொன்னேன். ஆபீஸைப் பற்றி அதன் பார்ட்னரிடம் கேட்பதைவிட, அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும்: போன மாதம் முழுக்க என்ன வேலை செய்தாய், உன் வேலையை யார் ரிவ்யூ செய்கிறார், ஸ்டைபெண்ட் எந்தத் தேதியில் பேங்க்குக்கு வருகிறது? கிடைத்த பதில், ஒரு சில்லறை விற்பனைச் சங்கிலியின் இன்டர்னல் ஆடிட். கோடவுன் கோடவுனாகப் போய்ச் சரக்கு எண்ணுவது. நேரம் மாலை ஆறரைக்கு முடிந்துவிடும், அது உண்மை. ஸ்டைபெண்ட் ஒழுங்காக வரும், அதுவும் உண்மை. ஆனால் அங்கே இருக்கும் 17 மாதத்தில் ஒரு 3சிடி படிவம்கூடக் கண்ணில் படாது.

பெரிய ஆபீஸாகப் பார்த்து மாறினால் சீசன் தொல்லை இருக்காது என்பதும் பாதிதான் சரி. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள் ஆண்டு முடிவை 60 நாளுக்குள், காலாண்டு முடிவை 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அந்த வேலை உள்ள ஆபீஸில் செப்டம்பர் லேசாக இருக்கும், ஏப்ரலும் மேயும் விடிய விடிய ஓடும். நடுவில் ஒவ்வொரு காலாண்டுக்கும் ஒரு சின்ன சீசன். பணம் கூட வரும், பெயர் கூட வரும். நேரம் குறையும் என்று நினைத்து மட்டும் போக வேண்டாம்.

இண்டஸ்ட்ரியல் டிரெயினிங் தம்பிக்குத் திறந்திருந்த வழிதான். கடைசி வருடத்தில் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் வரை ஒரு கம்பெனியின் நிதிப் பிரிவில் இருக்கலாம். பிரின்சிபாலுக்கு மூன்று மாதம் முன்பே தெரிவிக்க வேண்டும். பிப்ரவரி 2026-ல் போவதென்றால் நவம்பர் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். சீசன் முடிந்ததும் தூங்கி எழுந்து யோசிப்பதற்குள் பலருக்கு இந்த வாய்ப்பு கடந்து போய்விடுகிறது. ஸ்டைபெண்ட் பெரும்பாலும் ஆபீஸைவிட நன்றாக இருக்கும், நேரமும் மாதக் கடைசி தவிர ஒழுங்காக இருக்கும். கம்பெனியில் வேலைக்குப் போக விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கருத்து. கடைசி வருடத்தை அங்கே கழித்தவருக்கு அந்தக் கம்பெனியே வேலை கொடுப்பதும் உண்டு.

தம்பி ஊருக்குத் திரும்பிச் சொந்தமாக ஆபீஸ் போட நினைக்கிறார். அவருக்கு வரப்போகும் கிளையன்ட் அரிசி ஆலை, நகைக்கடை, பாத்திரக்கடை, உரக்கடை. அவருடைய சோறு டாக்ஸ் ஆடிட்டில்தான் இருக்கிறது. அதனால் அவர் நவம்பர் 10 தாண்டி, அந்த ஆபீஸிலேயே இருப்பது என்று முடிவெடுத்தார். ஸ்டைபெண்டை 8,000 ஆக்கக் கேட்டார், கொடுத்தார்கள். அப்போதும் 12,000 ஆபீஸோடு ஒப்பிட்டால் மாதம் 4,000 குறைவு, மீதி 15 மாதத்துக்கு 60,000. அந்தத் தொகையை அவரும் அப்பாவும் உட்கார்ந்து பேசி, அடுத்த சீசனில் பத்து ஃபைல் முழுசாகக் கிடைக்கும் என்றால் தரலாம் என்று ஏற்றுக்கொண்டார்கள். அப்பா 5,000 அனுப்ப முடியாத வீடாக இருந்திருந்தால் நானே 12,000 ஆபீஸுக்கு, நாளை எண்ணிப் பார்த்துவிட்டு, போகச் சொல்லியிருப்பேன். வாடகை கட்ட முடியாதவரிடம் கற்றல் பற்றிப் பேசக் கூடாது.

மேலே சொன்ன "நவம்பர் வரை பொறு" என்பது எல்லோருக்கும் அல்ல. இன்னொரு பெண் அதே மாதத்தில் பேசினார். அவருக்கு ஸ்டைபெண்ட் பேங்க்கில் வரும், இரண்டு நாளில் அதில் பாதியை ரொக்கமாகத் திருப்பித் தரச் சொல்வார்கள். ஸ்டைபெண்டைக் காசோலையாகவோ வங்கிக் கணக்கிலோ கொடுக்க வேண்டும் என்ற விதியே இப்படி நடக்காமல் இருக்கத்தான். அதோடு, போகாத இடத்துக்குப் போய் ஸ்டாக் பார்த்ததாக மார்ச் 31 தேதியிட்டு ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவரிடம் நான் 19 நாள் கணக்கெல்லாம் போடவில்லை. உடனே கிளம்பச் சொன்னேன். ஒரு தேர்வு தள்ளிப்போனாலும் போகட்டும். செய்யாத வேலைக்குப் போட்ட கையெழுத்து பின்னாலேயே வரும். பாலியல் தொல்லை, கைநீட்டுவது, உடம்பு படுத்துவிடும் அளவுக்கு வேலை, இவற்றுக்கும் இதே பதில்.

அப்படிப் போகும்போது பிரின்சிபால் ஒப்புதல் தராமல் இழுத்தால், நுங்கம்பாக்கத்தில் உள்ள ஐசிஏஐ தென்னிந்திய மண்டல அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுக்கலாம். நேரில் போய்ப் புலம்புவதைவிட ஆவணம் பேசும்: பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பணம் வந்த தேதி, அதை எடுத்த தேதி, திருப்பித் தரச் சொன்ன வாட்ஸப் செய்தி, விலகல் கேட்டு அனுப்பிய மின்னஞ்சல்கள். அந்தப் பெண் மின்னஞ்சலை ஆபீஸ் ஐடியில் இருந்து அனுப்பியிருந்தார். விலகிய மறுநாளே அந்த ஐடி மூடப்பட்டு எல்லாம் போய்விட்டது. சொந்த ஜிமெயிலுக்கு ஒரு நகல் வைத்தே அனுப்புங்கள். கிளையன்ட்டின் கணக்கு எதையும் அதோடு எடுத்து வராதீர்கள், அது உங்கள் மீதே குற்றமாகத் திரும்பும்.

டிரான்ஸ்ஃபர்தான் என்று முடிவாகிவிட்டவர்கள் வரிசையை மட்டும் மாற்றாமல் இருந்தால் போதும். முதலில் புதிய ஆபீஸிடம் சேரும் தேதியை எழுத்தில் வாங்குங்கள், அங்கே ஆர்ட்டிகிள்ஸ் இடம் காலியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரு சிஏ இத்தனை பேரைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு உண்டு. அதுவரை எடுத்த லீவைப் பழைய ஆபீஸ் பதிவேட்டோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள், பிறகு 109-ல் அந்த எண் வேறாக வந்து பலர் மாட்டியிருக்கிறார்கள். 109 போர்ட்டலில் ஒப்புதலானதைக் கண்ணால் பார்த்த பிறகு புதிய ஆபீஸில் உட்காருங்கள். சேர்ந்த அந்த வாரமே 103-ஐப் போட்டுவிடுங்கள், 30 நாள் இருக்கிறதே என்று விடாதீர்கள். புதிய பிரின்சிபாலும் அதே போர்ட்டலில்தான் ஒப்புதல் தர வேண்டும், அவருக்கும் ஒரு சீசன் இருக்கிறது.